பதினாறு பிக்சலுக்குள் ஒரு பனை

ரெஸ்பான்சிவ் லோகோ என்பது இடத்துக்கு ஏற்பத் தன் பகுதிகளைக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் லோகோ. கடைப் பலகையில் படம், பெயர், பெயருக்குக் கீழே ஒரு வரி என முழுதாக நிற்கும் அதே சின்னம், கைப்பேசித் திரையின் மேல்பட்டையில் படமும் பெயருமாகச் சுருங்கும். பிரௌசர் டேப்பின் ஓரத்தில் படம் மட்டுமாக நிற்கும். இங்கே பெரிய லோகோவைச் சிறிதாக்குவது மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு அளவுக்கும் லோகோ மறுபடி வரையப்படுகிறது. கணினியில் மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்கினால் எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சிறுக்கும். கண்ணோ அந்த விகிதத்தில் பார்ப்பதில்லை.

இந்தத் தேவை இணையத்தோடு வந்தது. 1999-இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் 16-க்கு 16 பிக்சல் அளவில் ஒரு சிறு படத்தைக் காட்டத் தொடங்கியது. ஃபேவிகான் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். 2010-இல் ஈதன் மார்காட், திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தின் அமைப்பே மாறும் முறைக்கு ‘ரெஸ்பான்சிவ்’ என்று பெயர் சூட்டினார். 2014-இல் லண்டன் வடிவமைப்பாளர் ஜோ ஹாரிசன் அதே எண்ணத்தை லோகோக்களுக்குக் கொண்டுவந்தார். சாளரத்தைச் சுருக்கச் சுருக்க, கோகோ கோலா போன்ற புகழ்பெற்ற சின்னங்கள் படிப்படியாகப் பகுதிகளை உதிர்த்துக் கடைசியில் ஒற்றை வடிவமாக நிற்பதை அவருடைய தளம் காட்டியது. மறு ஆண்டு செப்டம்பரில் கூகுள் தன் பழைய எழுத்து லோகோவை மாற்றியபோது ஒரே ஒரு லோகோவை வெளியிடவில்லை. முழுப் பெயர், நான்கு நிற ‘ஜி’ எழுத்து, அசையும் நான்கு புள்ளிகள் என்று ஒரு குடும்பத்தையே வெளியிட்டது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கும் ஒரு கடை. அதன் பெயர் ‘பனையோலை’ என்று வைத்துக்கொள்வோம். அதன் முழு லோகோவில் இடப்பக்கம் விசிறிபோல் விரிந்த அரைவட்ட ஓலை, கீழே காம்பு. வலப்பக்கம் கடையின் பெயர். பெயருக்குக் கீழே ‘கருப்பட்டி, பனங்கற்கண்டு’ என்ற சிறு வரியும் கடை தொடங்கிய ஆண்டும். நிறம் கருப்பட்டியின் அடர்பழுப்பு. மொத்தம் 400 அலகு அகலம், 100 அலகு உயரம். ஓலையில் 21 இதழ்கள். உண்மையான பனையோலையில் இதைவிட அதிகம் உண்டு என்றாலும், பலகைக்கு இது போதும்.

முதலில் உதிர வேண்டியது அந்தச் சிறு வரி. அதன் எழுத்து 12 அலகு உயரம் என்றால், லோகோ 400 பிக்சல் அகலத்தில் நிற்கும்போது எழுத்து 12 பிக்சல் இருக்கும். கண்ணை இடுக்காமல் படிக்கலாம். கைப்பேசியின் மேல்பட்டையில் லோகோவுக்கு 200 பிக்சல் கிடைத்தால் எழுத்து 6 பிக்சலாகிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளே அந்த அளவில் தடுமாறும். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்து வெறும் சாம்பல் கோடாகத்தான் தெரியும். ஆகவே 400 பிக்சலுக்குக் கீழே அந்த வரியும் ஆண்டும் நீங்குகின்றன. நீங்கிய இடத்தை வெறுமையாக விடாமல் பெயரைப் பெரிதாக்கி ஓலைக்கு நேராக நடுவில் நிறுத்த வேண்டும். சுருங்கிய லோகோ பலவற்றில் பெயர் மேலே ஒட்டிக்கொண்டு கீழே காலியிடம் தெரிவது, இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டதால்தான்.

அடுத்து உதிர்வது பெயர். ‘பனையோலை’ நான்கே எழுத்து. ஆனால் கொம்பையும் காலையும் சேர்த்து எண்ணினால் வரிசையாக நிற்கும் வடிவங்கள் எட்டு. லோகோ 160 பிக்சல் அகலத்தில் இருக்கும்போது, ஓலை போக மீதம் 120 பிக்சல், வடிவத்துக்குப் பதினைந்து. அதற்கும் கீழே போனால் ஐகாரக் கொம்பின் இரட்டைச் சுழிகள் அடைபடத் தொடங்கும். எனவே 160 பிக்சலுக்குக் கீழே ஓலை மட்டும். எத்தனை பிக்சலில் எது உதிர வேண்டும் என்பதற்குப் பொது விதி இல்லை. அந்தந்த லோகோவை 400, 300, 200, 160, 120 என்று வரிசையாக வைத்து, ஒரு கை தொலைவில் நின்று பார்த்து, எங்கே சுழி அடைகிறதோ அங்கே கோடு போட வேண்டியதுதான்.

ஓலைக்குள்ளேயும் உதிர்தல் நடக்கிறது. 100 பிக்சல் அகலமான ஓலையின் வெளி வளைவு சுமார் 157 பிக்சல் நீளம். 21 இதழ்களுக்குப் பகிர்ந்தால் இதழும் இடைவெளியும் சேர்த்து ஏழரை பிக்சல். ஓலை 32 பிக்சலாகச் சுருங்கினால் வளைவு 50 பிக்சல்; பங்கு இரண்டரைக்கும் குறைவு. இதழ் எங்கே முடிகிறது, இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று திரையால் காட்ட முடியாது. எல்லாம் ஒரே பழுப்புத் திட்டாகிவிடும். அந்த அளவுக்கு ஒன்பது இதழ்களோடு புதிதாக ஓலையை வரைய வேண்டும்.

கடினமான இடம் ஃபேவிகான். பல வடிவமைப்பாளர்கள் இதைக் கடைசியில், கோப்புகளை ஒப்படைக்கும் நாளில் அவசரமாகச் செய்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். 16 பிக்சலில் எது பிழைக்கிறதோ அதுவே லோகோவின் உயிர். அதை அறிந்த பிறகு பெரிய வடிவத்தை அதைச் சுற்றிக் கட்டினால் குடும்பம் ஒத்துப்போகும். மாறாகப் பெரியதை முடித்துவிட்டு இறங்கிவந்தால், ‘பனையோலை’க்கு நேர்வதுபோல் ஒரு விபத்து நேரும். ஒன்பது இதழ் ஓலையை 16 பிக்சலுக்குச் சுருக்கினால் இதழ்கள் ஒட்டி, மேலே கவிந்த அரைவட்டமும் கீழே ஒரு கம்பியும் மிஞ்சும். பார்ப்பவர் கண்ணுக்கு அது குடை.

குடையை மறுபடி ஓலையாக்கக் கட்டத்தின் கணக்கு உதவுகிறது. பிக்சல் கட்டத்தில் கிடைக்கோடும் நிற்கோடும் கூர்மையாக விழும். சாய்கோடுகளில் 45 பாகைக் கோடு சீரான படிகளாக விழும். மற்றச் சாய்வுகள் ஓரத்தில் சாம்பல் பிக்சல்களை உதிர்த்து மங்கும். அரைவட்டத்தில் ஐந்து இதழ்களை வைத்தால் இதழுக்கு இதழ் இடைவெளி சரியாக 45 பாகை. இரண்டு கிடை, இரண்டு சாய்வு, நடுவில் ஒரு நிற்கோடு. ஏழு இதழ் வைத்தால் 30 பாகை. நான்கு இதழ்கள் மங்கிவிடும். ஐந்து என்ற எண் கட்டத்திலிருந்தே வருகிறது, அழகுக்காகத் தேர்ந்ததன்று.

நடு இதழும் காம்பும் இரண்டு பிக்சல் அகலம் இருக்க வேண்டும் என்பதும் அப்படியே. 16 இரட்டைப்படை. அதன் நடுவில் ஒற்றைப்படை அகலமுள்ள கோட்டைச் சரியாக நிறுத்த முடியாது. ஒன்று அரை பிக்சல் விலகி மங்கும், அல்லது ஓலை ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும். இதழ்களை ஒரே தடிமனில் வைத்தால் வடிவம் நட்சத்திரக் குறியை ஒத்துவிடும் என்பதால், நடுவில் ஒடுங்கி நுனியில் அகல்வதாக வரைந்து, இதழ்களுக்கு இடையிலான பிளவை அடிவரை கொண்டுபோக வேண்டும். அந்தப் பிளவுதான் குடைக்கும் ஓலைக்கும் உள்ள வேறுபாடு.

ஓலைக்குப் பதிலாக முதல் எழுத்தை வைக்கலாமே என்று தோன்றும். இந்தக் கடைக்கு அது இயலும். ‘ப’ மூன்று நேர்கோடுகளால் ஆனது. பிக்சல் கட்டத்துக்காகவே செய்ததுபோல் உட்காரும். ‘ட’, ‘ம’ ஆகியவையும் தேறும். ‘ண’, ‘ஞ’, ‘ஜ’ போன்றவை சுழிகள் அடைபட்டு அடையாளம் இழக்கும். பெயர் ‘கோ’ என்று தொடங்கினால் சிக்கல் வேறு வகை. முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ககரம், பின்னால் ஒரு கால் என்று மூன்றையும் 16 பிக்சலில் நெருக்கினால் எதுவும் தெரியாது. ககரத்தை மட்டும் வைத்தால் அது வேறு எழுத்து. தமிழ்ப் பெயருள்ள பல நிறுவனங்கள் ஃபேவிகானில் ஆங்கில முதலெழுத்துக்குத் தாவுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆங்கில எழுத்து முழு லோகோவில் எங்கும் இல்லை என்றால் குடும்பத்தொடர்பு அறுந்துபோகிறது. ‘பனையோலை’க்கு ஓலையே நல்லது, பலகையில் அதைப் பார்த்தவர் டேப்பிலும் அதையே பார்ப்பார்.

இன்றைய கைப்பேசிகளிலும் புதிய மடிக்கணினிகளிலும் திரை நுண்மையானது. 16 பிக்சல் இடத்தில் உண்மையில் 32 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் ஒளிர்கின்றன. ஆனால் அலுவலகங்களில் பழைய வகைத் திரைகள் இன்னும் ஏராளம். ஐகோ வகைக் கோப்பு ஒன்றுக்குள்ளேயே பல அளவுப் படங்களை வைக்கலாம் என்பதால், ஐந்து இதழ் ஓலையை 16-க்கும் ஒன்பது இதழ் ஓலையை 32-க்கும் தனித்தனியே வைப்பது முறை. பக்கத்தின் தலைப்பகுதியில் மூன்று வரிகள் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும்:

```html
<link rel="icon" href="/favicon.ico" sizes="32x32">
<link rel="icon" href="/icon.svg" type="image/svg+xml">
<link rel="apple-touch-icon" href="/apple-touch-icon.png">
```

மூன்றாவது வரி ஐபோனின் முகப்புத் திரைக்கு. 180-க்கு 180 பிக்சல் படம். அதன் பின்னணியை நிறத்தால் நிரப்பிவிட வேண்டும். ஒளி ஊடுருவும் பின்னணியோடு கொடுத்தால் ஐபோன் அதைக் கறுப்பால் நிரப்பும். பழுப்பு ஓலை அந்தக் கறுப்பில் காணாமல் போகும்.

கறுப்புப் பின்னணியின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கடையின் பழுப்பு நிறம் #5b2e12 என்று கொண்டால், வெள்ளைத் தாளின் மேல் அதன் ஒளி வேறுபாடு சுமார் 11-க்கு 1. டார்க் மோடில் பரவலாகப் பயன்படும் #121212 என்ற கருநிறத்தின் மேல் அது 1.7-க்கு 1-ஐக்கூட எட்டாது. இணைய அணுகல் நெறிகள் படக்குறிகளுக்கு 3-க்கு 1 கேட்கின்றன. லோகோக்களுக்கு விலக்கு அளிக்கின்றன. விலக்கு நெறிக்குத்தான், கண்ணுக்கு இல்லை.

இதற்கு எளிய வழியாகத் தோன்றும் இரண்டுமே மோசமானவை. ஒன்று, லோகோவைச் சுற்றி வெள்ளைப் பெட்டி போடுவது. இருண்ட பக்கத்தில் அது ஒட்டிய ஸ்டிக்கர்போல் துருத்தும். இன்னொன்று, மென்பொருளின் நிறம் புரட்டும் கட்டளையை அழுத்துவது. பழுப்பு அதற்கு எதிரான வெளிர்நீலமாக மாறும், கருப்பட்டிக் கடைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இருண்ட பின்னணிக்கென ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. பழுப்பின் சாயல் மாறாமல் வெளிறிய #f3dcb0, அதே கருநிறத்தின் மேல் 14-க்கு 1 அளவுக்குத் தெளிவாகத் தெரியும். பார்ப்பவர் நிறம் மாறிவிட்டது என்று எண்ணமாட்டார்.

நிறம் மாறினால் தடிமனும் மாற வேண்டும் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. இருளின் மேல் உள்ள வெளிர்வடிவம், ஒளியின் மேல் உள்ள அதே அளவு இருள்வடிவத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்த கண்மயக்கம் இது. அதனால் இருண்ட திரையில் ‘பனையோலை’ என்ற பெயர் ஒரு சுற்றுப் பருத்ததுபோல் தோன்றும். னகரத்தின் சுழிகள் அடைபடும். பலகையில் 10 அலகாக இருந்த கோட்டை ஒன்பது, ஒன்பதரை அலகாக இளைத்து, சுழிகளின் உட்புறத்தைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். எவ்வளவு இளைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே தடிமனாகத் தெரியும் வரை திருத்துவதுதான்.

அச்சில் இது தலைகீழ். அட்டைப் பெட்டியில் அடர்பழுப்பு மையைப் பூசி எழுத்தை வெறுமையாக விட்டால், மை நாலாபுறமும் கசிந்து எழுத்துக்குள் பரவும். அங்கே வெளிர்கோட்டைத் தடிப்பாக்கிக் கொடுக்க வேண்டும். திரைக்கு இளைத்த கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினால் மெல்லிய பிளவுகள் மூடி வரும். ஓலை மறுபடி குடையாகும். எனவே இருள் பின்னணிக்கே இரண்டு கோப்புகள் தேவை, ஒன்று திரைக்கு, ஒன்று அச்சுக்கு.

தளத்தில் எந்த வேளையில் எதைக் காட்டுவது என்பதைப் பிரௌசரே பார்த்துக்கொள்ளும். பயனர் டார்க் மோடில் இருந்தால் மாற்றுப்படத்தை எடுக்க இவ்வளவு போதும்:

```html
<picture>
  <source srcset="logo-dark.svg"
          media="(prefers-color-scheme: dark)">
  <img src="logo.svg" alt="பனையோலை">
</picture>
```

எஸ்விஜி ஃபேவிகானின் உள்ளேயும் இதே நிபந்தனையை எழுதி நிறத்தை மாற்றலாம். ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. எல்லாப் பிரௌசர்களும் அதை ஒரேமாதிரி மதிப்பதில்லை. தவிர, கணினி ஒளிமோடில் இருக்கும்போதே ஒருவர் பிரௌசருக்கு மட்டும் கருநிறத் தோற்றம் வைத்திருக்கலாம். அப்போது டேப் கறுப்பு, ஓலையும் பழுப்பு. பழுப்புச் சதுரத்துக்குள் வெளிர் ஓலையை வரைந்துவிட்டால், டேப் எந்த நிறமானாலும் ஓலை தெரியும். அதற்கு விலை, ஓரம் விட வேண்டியிருப்பதால் ஓலைக்கு 16-இல் 12 பிக்சல்தான் மிஞ்சும். ஐந்து இதழ் அதற்குள்ளும் அடங்கும். எட்டெழுத்துச் சின்னமாக இருந்தால் அடங்காது.

மிஞ்சியிருப்பது வட்டம். சமூக ஊடகங்களில் புரொஃபைல் படம் சதுரமாக ஏற்றப்பட்டு வட்டமாக வெட்டப்படுகிறது. சதுரத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக, நான்கு மூலைகளிலும் போய்விடும். வட்டத்துக்குள் முழுதாக அடங்கும் சதுரத்தின் பக்கம், விட்டத்தில் 70.7 விழுக்காடுதான். எக்ஸ் தளம் பரிந்துரைக்கும் 400-க்கு 400 பிக்சல் படத்தில் அது 283 பிக்சல். இதை மறந்து சதுரம் முழுவதையும் நிரப்பினால் ஓரங்கள் வெட்டுப்படும்.

பெயரோடு கூடிய நீளமான லோகோவை வட்டத்தில் திணிப்பதுதான் இங்கே அதிகம் காணும் பிழை. 4-க்கு 1 விகித லோகோவை 400 பிக்சல் வட்டத்தில், சுற்றிலும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்து வைத்தால் அது சுமார் 310-க்கு 78 பிக்சல் கிடைக்கும். ஏற்றும்போது பெரிய திரையில் அழகாகவே இருக்கும், அதனால்தான் ஏமாற்றுகிறது. அதே படம் பின்னூட்டங்களின் பக்கத்தில் 40 பிக்சல் வட்டமாகத் தெரியும்போது, மொத்த லோகோவும் 31-க்கு 8 பிக்சல். பெயர் அங்கே பக்கத்திலேயே எழுத்தில் இருக்கும். படத்திலும் அதைச் சொல்லத் தேவையில்லை.

ஓலை மட்டும் வட்டத்தில் நன்றாகப் பொருந்துகிறது, அரைவட்டம் என்பதால். ஆனால் கணக்குப்படி நடுவில் வைத்தால் மேலே தூக்கி நிற்பதுபோல் தோன்றும். ஓலையின் கனம் முழுவதும் மேல்பாதியில். கீழே காம்பு மட்டும். காம்பைப் பாதியளவாகக் குறைத்து, ஓலையை அதன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கீழே இறக்கினால் கண்ணுக்கு நடுவில் நிற்கும். மென்பொருளின் ‘நடுவில் நிறுத்து’ பொத்தான் இதை அறியாது. அது எல்லைப்பெட்டியை மட்டுமே பார்க்கிறது.

வட்டத்தின் ஓரத்தில் அழகுக்காக ஒரு வளையம் வரைவதைத் தவிர்க்க வேண்டும். தளம் வெட்டும் வட்டம் ஒரு பிக்சல் விலகினாலும் வளையம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் அறுந்தும் தெரியும். பின்னணி நிறத்தைச் சதுரத்தின் மூலைவரை நிரப்பிவிட்டால் எப்படி வெட்டினாலும் குறை தெரியாது. லிங்க்ட்இன் நிறுவனப் பக்கம்போலச் சதுரமாகக் காட்டும் இடங்களிலும் அதே கோப்பு உதவும். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் முகப்புக் குறிக்கும் இதே முறைதான்: தளத்தைச் செயலிபோல் நிறுவும்போது கைப்பேசி தன் விருப்பப்படி வட்டமாகவோ மூலை மழுங்கிய சதுரமாகவோ வெட்டும், நடுவில் 80 விழுக்காடு விட்டமுள்ள வட்டத்துக்குள் இருப்பது மட்டுமே வெட்டுப்படாது என்பது உறுதி. அரட்டைச் செயலிகள் சில, வலப்பக்கக் கீழ் ஓரத்தில் பச்சைப் புள்ளியை வைக்கும் என்பதால் அங்கே முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது.

புரொஃபைல் படத்துக்கு டார்க் மோட் மாற்று கிடையாது. ஒரே படம் இரண்டு பின்னணியிலும் நிற்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் பழுப்பு ஓலை வைத்தால், ஒளிமோடில் வட்டத்தின் எல்லையே தெரியாது. டார்க் மோடில் வெள்ளைத் தட்டு கண்ணைக் கூசும். பழுப்புப் பின்னணியில் வெளிர் ஓலை வைத்தால், ஒளிமோடில் வட்டம் தெளிவு. டார்க் மோடில் வட்டத்தின் விளிம்பு மங்கும், ஓலை மங்காது. மங்க வேண்டியது எது என்ற தேர்வில் விளிம்பை விட்டுக்கொடுப்பது சரி.

ஒப்படைக்கும் முன் சோதனை உண்மையான இடத்தில் நடக்க வேண்டும், வடிவமைப்பு மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்து அன்று. பத்துப் பதினைந்து டேப்களைத் திறந்து வைத்து, பெயர்கள் மறைந்து குறிகள் மட்டும் மிஞ்சும்போது ஓலையை உடனே கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கலாம். லோகோ இன்னதென அறியாத ஒருவரிடம் 16 பிக்சல் படத்தைக் காட்டி என்னவென்று கேட்கலாம். ‘குடை’ என்றால் பிளவுகளை இன்னும் ஆழமாக்க வேண்டும். திருத்திய பிறகும் பழைய ஃபேவிகானே தெரிந்தால் கோப்பில் பிழை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிரௌசர்கள் ஃபேவிகானை நெடுநாள் சேமித்து வைத்துக்கொள்பவை. இணைப்பில் கோப்பின் பெயரை `/favicon.ico?v=2` என்று மாற்றினால், பெரும்பாலும் புதிய படத்தை எடுத்துக்கொள்ளும்.